பழைய ஐபோனில் வாட்ஸ்அப் உரையாடல்களை மீட்க

தம்பியின் ஐபோன் ரிச்சி தெருவில் பழுதுபார்க்கக் கிடக்கிறது. அதில் இருப்பது ஐஓஎஸ் 18. மாற்றாகக் கிடைத்த ஐபோன் 8-ஓ ஐஓஎஸ் 16-ஐத் தாண்டாது. முழுப் போனின் ஐகிளவுட் காப்புப்பிரதியை இதில் ஏற்ற முடியாது; மல்லுக்கட்ட வேண்டாம்.

வாட்ஸ்அப்பின் காப்புப்பிரதி தனியானது. செயலி இந்த ஐபோன் 8-இல் இயங்கினால் போதும். புதிய போனாகவே தொடங்கி, அதே ஆப்பிள் கணக்கில் நுழைந்து, ஐகிளவுட் டிரைவை இயக்கி, வாட்ஸ்அப்பை நிறுவுங்கள். அதே எண்ணைச் சரிபார்த்ததும் "Restore Chat History" வரும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டியதுதான்.

காலியிடத்தையும் பாருங்கள். காப்புப்பிரதி 4 ஜிபி என்றால் போனில் 8.2 ஜிபி வேண்டும். தம்பி பழைய வீடியோக்களை அழித்த பிறகுதான் வேலை நடந்தது.