பி.எஃப். வட்டிக்கு வரி: 2.5 லட்சத்தைத் தாண்டினால் கணக்குப் போடுவது எப்படி?

போன வருடம் மச்சான் போன் செய்தார். "பி.எஃப். வட்டிக்கு வரியே கிடையாதுன்னுதானே சொன்னீங்க? என் பாஸ்புக்குல டி.டி.எஸ். பிடிச்சிருக்காங்களே!" நான் சொன்னது பழைய கதை. 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. ஊழியர் தன் பங்காக வருடத்துக்கு 2.5 லட்சத்துக்கு மேல் போட்டால், அந்த வரம்புக்கு மேல் போட்ட பணத்தின் வட்டிக்கு வரி உண்டு. அவருடைய கணக்கையே எடுத்து, அன்று உட்கார்ந்து பார்த்தபடியே இங்கே எழுதுகிறேன்.

படி 1: சம்பளச் சீட்டில் உங்கள் பங்கைப் பாருங்கள்

மச்சானின் அடிப்படைச் சம்பளம் மாதம் 1,00,000 ரூபாய். அகவிலைப்படி தனியாக இல்லை. அதில் 12 சதவீதம், அதாவது 12,000 ரூபாய், அவர் பங்காகப் பிடிக்கிறார்கள். வங்கி டெபாசிட்டை விட வட்டி அதிகம் என்று, வி.பி.எஃப். எனப்படும் விருப்பப் பங்களிப்பாக மாதம் 13,000 ரூபாயும் போடச் சொல்லியிருந்தார். ஆக மாதம் 25,000, வருடத்துக்கு 3,00,000.

படி 2: நிறுவனத்தின் பங்கைத் தனியாக வையுங்கள்

நிறுவனமும் 12,000 போடுகிறது. ஆனால் அது முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. ஓய்வூதியத் திட்டத்துக்கு 8.33 சதவீதம் போகும். அதை 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டும்தான் கணக்கிடுவார்கள் என்பதால் 1,250 ரூபாய். மீதி 10,750 பி.எஃப். கணக்கில் சேரும். (2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்து, அப்போதே 15,000-க்கு மேல் சம்பளம் வாங்கியவர் என்றால் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. அவருக்கு 12,000-மும் பி.எஃப்.பில்தான் விழும்.) வி.பி.எஃப். தொகைக்கு நிகராக நிறுவனம் எதுவும் போட வேண்டியதில்லை.

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். 2.5 லட்ச வரம்புக்கு உங்கள் பங்கு மட்டுமே கணக்கு. நிறுவனத்தின் பங்கைக் கூட்டிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறுவனத்தின் பங்குக்கு வேறொரு வரம்பு உண்டு. பி.எஃப்., என்.பி.எஸ்., சூப்பரானுவேஷன் மூன்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 7.5 லட்சம் என்பது அது. பெரிய சம்பளக்காரர்கள் கவலைப்பட வேண்டியது, இங்கே விட்டுவிடலாம்.

படி 3: எந்த மாதம் தாண்டுகிறது?

ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்ததை நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டும். அதனால் மார்ச் சம்பளத்தின் பிடித்தம் ஏப்ரலில் வந்து, புதிய ஆண்டின் முதல் தவணை ஆகிறது. மாதம் 25,000 வீதம் பத்தாவது தவணையில், ஜனவரியில், மச்சான் சரியாக 2,50,000-ஐத் தொட்டார். பிப்ரவரி, மார்ச் தவணைகள் இரண்டும், ஆக 50,000 ரூபாய், வரம்புக்கு மேல்.

இந்த 50,000 அசலுக்கு இப்போது தனியாக வரி இல்லை. இதற்குக் கிடைக்கும் வட்டிக்குத்தான் வரி.

படி 4: ஒரே கணக்குக்குள் இரண்டு உண்டியல்

இனி வருவதுதான் விஷயத்தின் மையம், நிதானமாகப் படியுங்கள். விதி 9D என்று 2021 ஆகஸ்டில் வந்த விதிப்படி, உங்கள் பி.எஃப். பணத்தை இரண்டு உண்டியல்களாகப் பிரித்துக் கணக்கு வைக்கிறார்கள். 2021 மார்ச் 31 வரை சேர்ந்தது, அதன் பிறகு வரம்புக்குள் போட்டது, இவற்றின் வட்டி எல்லாம் வரியில்லா உண்டியல். வரம்புக்கு மேல் போட்டதும் அதன் வட்டியும் வரி உண்டியல்.

வட்டியை மாத இருப்பின் மேல் கணக்கிடுவார்கள். ஒரு மாதம் வந்த பணத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி. 8.25 சதவீதம் என்று வைத்துக்கொண்டு மச்சானின் வரி உண்டியலைப் பார்ப்போம்.

முதல் வருடம்: பிப்ரவரியில் வந்த 25,000-க்கு மார்ச் ஒரு மாத வட்டி மட்டும். 172 ரூபாய். மார்ச்சில் வந்ததற்கு இந்த வருடம் வட்டியே இல்லை. "இவ்வளவுதானா!" என்று சிரித்தார்.

இரண்டாம் வருடம்: உண்டியலில் ஆரம்பத்திலேயே 50,172 இருக்கிறது. அதற்கு முழு வருட வட்டி 4,139. புதிதாகத் தாண்டிய பணத்துக்கு மறுபடி 172. மொத்தம் 4,311.

மூன்றாம் வருடம்: ஆரம்ப இருப்பு 1,04,483. வட்டி 8,620, கூட 172. மொத்தம் 8,792 ரூபாய்.

இப்போது சிரிக்கவில்லை. நான்காம் வருடம் வி.பி.எஃப்.பை அடியோடு நிறுத்தினாலும் உண்டியல் அப்படியே நிற்கும். அந்த வருடமும் 13,470 ரூபாய் அளவில் வட்டி வரும், அதற்கும் வரி கட்ட வேண்டும். வரம்பை ஒரு வருடம் தாண்டினால் அந்த வருடத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. அந்தப் பணம் உள்ளே இருக்கும் வரை வருடா வருடம் வரி, அதுவும் கைக்கு வராத வட்டிக்கு.

படி 5: டி.டி.எஸ்.ஸும் மீதி வரியும்

2025 மார்ச் வரை, வரிக்குரிய வட்டி 5,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றால் டி.டி.எஸ். இல்லை; 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு 10,000 ரூபாய். தாண்டினால் 10 சதவீதம். பி.எஃப். கணக்கில் பான் இணைக்கவில்லை என்றால் 20. மச்சானுக்குப் பழைய 5,000 வரம்புப்படி, மூன்றாம் வருடம்தான் முதல் தடவையாக 879 ரூபாய் பிடித்தார்கள். அதைப் பார்த்துத்தான் போன். ஆனால் டி.டி.எஸ். இல்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. முதல் இரண்டு வருட வட்டியையும் வருமானத்தில் காட்டியிருக்க வேண்டும்.

அவர் 30 சதவீத வரி வரம்பில் இருக்கிறார், செஸ் சேர்த்து 31.2. எனவே 8,792-க்கு வரி 2,743. பிடித்த 879 போக, 1,864 ரூபாயை அவரே கட்ட வேண்டும். ரிட்டர்னில் இது சம்பளத்தில் வராது, 'பிற வருமானம்' தலைப்பில் வரும். சரியாகப் பார்த்தால், வரம்புக்கு மேல் போட்ட பணத்துக்கு அவருக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 5.7 சதவீதம்தான்.

படி 6: பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள்

passbook.epfindia.gov.in தளத்தில் யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து நுழைந்து, அந்த ஆண்டின் பாஸ்புக்கை இறக்குங்கள். Taxable Data என்ற பகுதியில் இரண்டு உண்டியலும் தனித்தனியே இருக்கும். அப்புறம் வருமான வரித் தளத்தில் 26AS, AIS இரண்டிலும் டி.டி.எஸ். வந்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டியைக் கணக்கில் ஏற்றுவது பெரும்பாலும் ஆண்டு முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் நடக்கும். அதனால் மார்ச் முடிந்ததும் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று மூடிவிடாதீர்கள். ஒரே வருடத்தில் இரண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு பாஸ்புக் இருக்கும். உங்கள் பங்கை இரண்டிலும் கூட்டிப் பாருங்கள்.

படி 7: வி.பி.எஃப்.பைத் திருத்துங்கள்

2,50,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 20,833. மச்சானின் கட்டாயப் பங்கு 12,000 போக, 8,800 வரை விருப்பப் பங்களிப்பு போடலாம். வருடத்துக்கு 2,49,600. ஆனால் அவர் கம்பெனியில் வி.பி.எஃப்.பை ரூபாயாக வாங்கவில்லை, சதவீதமாகத்தான் வாங்கினார்கள். அப்படியென்றால் சம்பள உயர்வு வந்ததும் இரண்டு பங்குகளும் தானாக ஏறும். அடிப்படைச் சம்பளம் 1,10,000 ஆனால் கட்டாயப் பங்கு 13,200 ஆகிவிடும், விருப்பப் பங்குக்கு 7,600 மட்டுமே இடம். பாக்கிச் சம்பளம் மொத்தமாக வந்தால் அதிலும் 12 சதவீதம் போகும். அதனால் 8 சதவீதம் வரை இடம் இருந்தாலும் 6 என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். மாற்ற வேண்டுமானால் ஏப்ரலில்தான் என்று ஹெச்.ஆர். சொன்னதால், இன்னும் ஐந்து மாதம் பழைய 25,000-மே போய்க்கொண்டிருந்தது; அதில் பிப்ரவரி, மார்ச் தவணைகள் மறுபடி வரி உண்டியலில் விழுந்தன.