சின்ன ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை, டெலிவரி, அட்வான்ஸ் எல்லாவற்றையும் வரிக்கு வரி பேசி முடிப்பவர்கள், தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்ளும் ஆர்பிட்ரேஷன் பிரிவை மட்டும் ஏதோ ஒரு பெரிய கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அட்டைப்பெட்டி அச்சடித்துத் தருபவருக்கும் அதை வாங்குபவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"தகராறு எழுந்தால் தரப்பினர் ஆர்பிட்ரேஷனை நாடலாம். மூன்று நடுவர்கள் விசாரிப்பர். தலைமை நடுவரை வாங்குபவர் நியமிப்பார்."

அச்சில் நிறம் மாறிவிட்டது என்று வாங்குபவர் பாக்கியை நிறுத்துகிறார். அச்சடித்தவர் நடுவரைக் கேட்டு நோட்டீஸ் அனுப்ப, 'நாடலாம்' என்றுதானே இருக்கிறது, கட்டாயமில்லையே என்று பதில் வருகிறது. இதை எப்படிப் படிப்பது என்பதில் நாட்டுக்கு நாடு தீர்ப்புகள் வேறுபடுகின்றன. அந்த ஒரு சொல்லுக்காகவே முதலில் கோர்ட் ஏற வேண்டியிருக்கும். "தீர்க்கப்பட வேண்டும்" என்று எழுதினால் இந்தச் சண்டையே இல்லை.

அடுத்தது மூன்று நடுவர்கள். மூவருக்கும் ஃபீஸ், மூவரும் ஒன்றாக உட்காரத் தோதான தேதி என்று பார்த்தால், சின்னப் பாக்கிக்கு வசூலைவிடச் செலவு பெரிதாகிவிடும். ஒருவர் போதும். ஆனால் எண்ணிக்கையை எழுதாமல் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பல நாடுகள் பின்பற்றும் 1985ஆம் ஆண்டு ஐ.நா. மாதிரிச் சட்டத்தின்படி ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் நடுவர்கள் மூவர்தான்.

தலைமை நடுவரை ஒரு தரப்பே போடுவது அந்தத் தரப்புக்கு லாபம் மாதிரித் தெரியும். உண்மையில் அதுதான் ஆபத்து: நடுநிலை இல்லை என்று எதிராளி நியமனத்தையே எதிர்க்கலாம், ஜெயித்த தீர்ப்பும் பிறகு ரத்தாகலாம். ஒருவரின் பெயரைப் பிரிவிலேயே எழுதிவிடுவதும் வேண்டாம். தகராறு வரும் நாளில் அவர் உயிரோடு இல்லாமல் போகலாம், மறுக்கலாம், எதிராளிக்கே ஆலோசகராக மாறியிருக்கலாம். பெயருக்குப் பதில் தகுதியையும், ஒத்துப்போகாவிட்டால் யார் நியமிப்பார் என்பதையும் எழுதுங்கள்.

எல்லோரும் மறப்பது ஆர்பிட்ரேஷனின் சட்டபூர்வ இருப்பிடம். எந்த ஊர்க் கோர்ட் மேற்பார்வை செய்யும், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு எங்கே போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. விசாரணை வேறு ஊரிலோ வீடியோவிலோ நடந்தாலும் அது மாறாது. சரி, மேலே உள்ள பிரிவைத் திருத்தினால் இப்படி வரும்:

"இந்த ஒப்பந்தத்திலிருந்தோ அது தொடர்பாகவோ எழும் எல்லாத் தகராறுகளும் ஆர்பிட்ரேஷன் மூலமே இறுதியாகத் தீர்க்கப்பட வேண்டும். அச்சுத் தொழில் அறிந்த ஒரே நடுவர். 30 நாளில் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் (நிறுவனத்தின் முழுப்பெயர்) நியமிக்கும். சட்டபூர்வ இருப்பிடம் (ஊர்). மொழி தமிழ்."

நடுவரை நியமிக்கும் ஆர்பிட்ரேஷன் நிறுவனத்தின் பெயரை அதன் சொந்த மாதிரிப் பிரிவைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள், இல்லாத நிறுவனத்தைக் குறிப்பிட்ட பிரிவுகளும் உண்டு.

அப்புறம் நடுவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இரு தரப்புக்கும் நகல் போகிற மாதிரி கடிதம் எழுதி, இரண்டு தரப்பினரோடும் அவர்களின் வக்கீல்களோடும் பழைய தொடர்பு உண்டா, ஃபீஸ் மொத்தமாகவா அமர்வுக்கு இவ்வளவு என்றா, அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் ஒதுக்க முடியும் என்று கேளுங்கள். அமர்வுக் கணக்கில் ஃபீஸ் வாங்குபவர் என்றால் உச்சவரம்பையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், நியமனம் ஆனபின் அதைப் பேசுவது சங்கடம்.