‘ஃபார்ம் 16 அனுப்புங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள்: ரிட்டர்னுக்கு முந்தைய மெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருமான வரி ரிட்டர்ன் தயாரிக்கும் முன் வாடிக்கையாளருக்கு நாம் போடும் மெயில் பெரும்பாலும் வெறும் பட்டியலாக இருக்கிறது. ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், எஃப்.டி. வட்டி, முதலீட்டு ரசீதுகள். சம்பளக்காரர்களுக்கு எழுதும் மெயிலைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். பட்டியலில் கேட்ட பேப்பர்களை அவர் ஒழுங்காக அனுப்பிவிடுவார். கேட்காத வருமானம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

2025-26 நிதியாண்டின் நடுவில் வேலை மாறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பழைய கம்பெனியில் மாதம் 1 லட்சம், ஆக மொத்தம் 5 லட்சம். செப்டம்பர் முதல் மார்ச் வரை புதிய கம்பெனியில் மாதம் 1.30 லட்சம், மொத்தம் 9.10 லட்சம். பழைய கம்பெனி, இவர் வருஷம் முழுக்க இங்கேயே இருப்பார் என்று 12 லட்சத்துக்குக் கணக்குப் போட்டிருக்கும். நிலைக்கழிவு 75,000 போக 11.25 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி உண்டு என்பதால் டி.டி.எஸ். பிடித்திருக்காது. புதிய கம்பெனிக்கு முந்தைய சம்பளம் தெரியாது. ஃபார்ம் 12பி-யில் இவர் எழுதிக் கொடுத்திருந்தால்தான் தெரியும். ஆகவே அது 9.10 லட்சத்தை மட்டும் பார்த்து, அதே 75,000-ஐ இன்னொரு முறை கழித்து, வரி இல்லை என்று விட்டுவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 14.10 லட்சத்தில் நிலைக்கழிவு ஒரே ஒரு முறைதான், மீதி 13.35 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மிச்சம் 1.35 லட்சத்துக்கு 15 சதவீதம், 20,250. செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 83,460 ரூபாய். ஒரு பைசா டி.டி.எஸ். இல்லாதவர் இவ்வளவையும் கையிலிருந்து கட்ட வேண்டும். 234பி-யில் ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். ஜூலையில் கட்டினால் அது மட்டுமே மூவாயிரத்துச் சொச்சம்; 234சி வட்டி தனி.

இங்கே நம் மெயில் எப்படிக் கோட்டை விடுகிறது? வரி பிடிக்காத கம்பெனி ஃபார்ம் 16 கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம் ஃபார்ம் 16 கேட்போம். அவர் “தரவில்லை சார்” என்பார், அல்லது புதிய கம்பெனி கொடுத்த ஒன்றை மட்டும் அனுப்புவார். அவர் எதையும் மறைக்கவில்லை, கேட்டதைக் கொடுத்திருக்கிறார். அதனால் நான் பேப்பரைக் கேட்பதற்கு முன் நடந்ததைக் கேட்கிறேன்:

“சார், ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரை எத்தனை இடத்தில் சம்பளம் வாங்கினீர்கள்? ஒன்றுக்கு மேல் என்றால், வேலையை விட்ட தேதியும், ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக வாங்கிய பே ஸ்லிப்பும், செட்டில்மென்ட் ஷீட்டும் அனுப்புங்கள். வரி பிடிக்காத இடமாக இருந்தாலும் சொல்லுங்கள்.”

செட்டில்மென்ட் ஷீட்டை விடவே கூடாது. நோட்டீஸ் பே, லீவ் என்காஷ்மென்ட், கிராஜுட்டி எல்லாம் அதில்தான் இருக்கும்.

அடுத்தது வட்டி. “எவ்வளவு வட்டி வந்தது?” என்று கேட்டால் பாஸ்புக்கில் விழுந்த தொகையைத்தான் எழுதுவார்கள். எஃப்.டி. வட்டி 60,000, அதில் டி.டி.எஸ். 6,000 என்றால், பாஸ்புக்கில் இருப்பது 54,000. ரிட்டர்னில் காட்ட வேண்டியது 60,000. முதிர்வில் மொத்தமாகத் தரும் டெபாசிட்டில் இன்னும் சிக்கல். வட்டி வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும், சேமிப்புக் கணக்கில் எதுவும் தெரியாது. ஆகவே தொகையைக் கேட்காமல், கணக்கு உள்ள ஒவ்வொரு பேங்கிலிருந்தும் வட்டி சர்டிபிகேட் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

புதிய வரி முறையில் இருப்பவரிடம் எல்.ஐ.சி. ரசீதும் பள்ளிக் கட்டண ரசீதும் கேட்டு அலைக்கழிக்க வேண்டாம். எந்த முறை என்று முதல் வரியிலேயே கேட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் ஏப்ரலில் ஒரே மெயிலில் கேட்பதும் தவறுதான். கடைசிக் காலாண்டின் டி.டி.எஸ். ஸ்டேட்மென்டைக் கம்பெனி தாக்கல் செய்ய மே 31 வரையும், ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரையும் அவகாசம் உண்டு. அதற்கு முன் எடுத்த 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். இரண்டும் அரைகுறையாகத்தான் இருக்கும். வேலை மாறியது, வட்டி சர்டிபிகேட், சொத்தோ ஷேரோ விற்றது ஆகியவற்றை ஏப்ரல் மெயிலில் கேளுங்கள். ஃபார்ம் 16-ஐ ஜூன் 15-க்குப் பிறகு இரண்டாவது மெயிலில் கேட்டு, முதல் மெயிலுக்கு வந்த பதிலோடு வைத்துப் பாருங்கள். வேலை மாறிய கேள்வியை மட்டும் பிப்ரவரியிலேயே ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டால், மார்ச் சம்பளம் போடும் முன் அவர் ஃபார்ம் 12பி கொடுத்துவிடலாம்.