மருந்து கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா?

பாராசிட்டமால் சிரப்போ ஆன்டிபயாடிக் சிரப்போ உள்ளே போன கொஞ்ச நேரத்தில் குழந்தை கக்கிவிட்டால், வீட்டில் ஒருவர் "இன்னொரு தடவை ஊத்து" என்பார், இன்னொருவர் "ஓவர்டோஸ் ஆயிடும், வேண்டாம்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சில நேரம் சரிதான். மருந்து கொடுத்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைப் பொறுத்தது அது.

படி 1: கடிகாரத்தைப் பாருங்கள்

மருந்து கொடுத்து 30 நிமிடம் ஆவதற்குள் வாந்தி வந்தால் அதே அளவை ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். 30 நிமிடம் தாண்டிவிட்டால் வேண்டாம், அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். நீர் மருந்து வயிற்றில் ரொம்ப நேரம் தங்காது, அரை மணிக்குள் பெரும்பகுதி குடலுக்குப் போய் ரத்தத்தில் சேரத் தொடங்கிவிடும் என்பதுதான் இதற்குக் காரணம். சில டாக்டர்கள் 15 நிமிடம் என்று இன்னும் கறாராகச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: என்ன வந்தது என்று பாருங்கள்

வாயோரம் வழிந்த நாலு சொட்டும் கொஞ்சம் எதுக்களித்ததும் வாந்தி இல்லை, அதற்காகத் திரும்பக் கொடுக்க வேண்டாம். கொடுத்த ஐந்து நிமிடத்தில் சிரப்பின் அதே நிறமும் வாசனையுமாக மொத்தமும் துணியில் கிடந்தால் சந்தேகமே இல்லை. பாதி வந்த மாதிரி இருக்கிறதே, பாதி கொடுக்கலாமா என்று கணக்குப் போடாதீர்கள், அதைக் கண்ணால் அளக்க முடியாது. குழப்பமாக இருந்தால் பாராசிட்டமாலை விட்டுவிடுவதே நல்லது. ஒரு வேளை தவறினால் காய்ச்சல் கொஞ்சம் தாமதமாக இறங்கும், அவ்வளவுதான்.

படி 3: உடனே ஊற்றாதீர்கள்

வாந்தி எடுத்த வயிறு அடங்க 10, 15 நிமிடம் கொடுங்கள். அப்புறம் ஓரிரு ஸ்பூன் தண்ணீரோ ஓஆர்எஸ்ஸோ கொடுத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மருந்துக்குப் போங்கள். மூக்கைப் பொத்திப் படுக்கவைத்துப் பாலாடையில் ஒரே மூச்சாக ஊற்றுவதுதான் பல வீடுகளில் வாந்திக்கே காரணம், புரையேறவும் செய்யும். நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசியில்லாத சிரிஞ்சை நாக்கின் நடுவில் நீட்டாமல் கன்னத்தின் உட்பக்கம் வைத்து, ஒவ்வொரு மில்லியாக விழுங்க விட்டுக் கொடுங்கள். அமாக்ஸிசிலினுடன் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த சிரப் வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் பெரும்பாலும் தங்கிவிடும்.

படி 4: கணக்கில் எழுதுங்கள்

10 கிலோ குழந்தைக்கு டாக்டர் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால் சிரப்பை 6 மில்லி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 144 மில்லிகிராம். இரவு 9 மணிக்குக் கொடுத்தீர்கள், 9:10க்கு எல்லாம் வெளியே. 9:25க்கு அதே 6 மில்லி. முதல் முறை கொடுத்தது முழுக்க உடம்பில் சேர்ந்திருந்தாலும் இரண்டும் சேர்த்து 288 மில்லிகிராம்தான், அதாவது கிலோவுக்கு 30க்குக் கீழே, நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஒரு முறை இது ஆபத்தான அளவு இல்லை. ஆனால் இனி 9:25இலிருந்துதான் எண்ண வேண்டும், குறைந்தது 4 மணி நேரம், அதாவது 1:25க்கு முன் அடுத்தது கிடையாது. 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கூடாது என்ற கணக்கிலும் இதை இரண்டாகவே வையுங்கள். இதே குழந்தை 9:50க்கு வாந்தி எடுத்திருந்தால் எதுவும் கொடுக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் என்றால் திரும்பக் கொடுத்தபின் அடுத்த வேளை வழக்கமான நேரத்திலேயே.

பாட்டிலை ஒரு தடவை படியுங்கள். 5 மில்லியில் 250 என்றும் சிரப் இருக்கிறது, ஒரே மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தும் இருக்கிறது. இரவில் அவசரத்தில் பாட்டில் மாறினால் 6 மில்லி 600 மில்லிகிராம் ஆகிவிடும்.

படி 5: இரண்டாவதும் வந்துவிட்டால் நிறுத்துங்கள்

மூன்றாவது முறை கிடையாது. டாக்டருக்குப் போன் போடுங்கள். பாராசிட்டமாலை ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையாகவும் தருவார்கள், ஆனால் சற்றுமுன் வாய்வழி கொடுத்ததைச் சொல்லாமல் நீங்களாக அதை வைக்காதீர்கள். ஆன்டிபயாடிக் ஒவ்வொரு வேளையும் வெளியே வந்தால் வேறு மருந்தோ ஊசியோ தேவைப்படலாம்.

இந்த 30 நிமிடக் கணக்கு இந்த இரண்டு மருந்துகளுக்குத்தான். வலிப்பு மருந்து, இதய மருந்து என்றால் கேட்காமல் திரும்பக் கொடுக்கவே கூடாது. ஈரல் கோளாறு உள்ள குழந்தைக்குப் பாராசிட்டமாலும் அப்படியே. ஆன்டிபயாடிக் கொடுத்தபின் வாந்தியோடு உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம், அந்த மருந்தைத் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பச்சை நிறத்திலோ ரத்தத்தோடோ வாந்தி, துவண்டு கிடப்பது, 8 மணி நேரமாக மூத்திரம் போகாதது, மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல், இவை எதற்கும் வீட்டில் உட்கார்ந்து நிமிடம் எண்ண வேண்டாம். போகும்போது பாட்டிலையும், கொடுத்த நேரம் எழுதிய சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.