குரல் பதிவிலிருந்து மின்னஞ்சல்: பேசியவரின் குரல் தொலையாமல் எழுதுவது எப்படி?

பக்க வடிவமைப்பாளரான என் நண்பர், ஆண்டு மலர் ஒன்றின் ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியதை 13ஆம் தேதி திங்கட்கிழமை அவசரமாகக் குரல் பதிவாக்கி எனக்கு அனுப்பினார். "இதை மெயிலாக்கித் தர முடியுமா?" என்று கேட்டிருந்தார். அந்தப் பதிவை வைத்தே செய்முறையைச் சொல்கிறேன்.

முதலில், கேட்டுக்கொண்டே படியுங்கள்

செயலி தட்டச்சு செய்து தந்த எழுத்துவடிவத்தை அப்படியே நம்பக் கூடாது. அதில் "படம்" என்பது இரண்டு இடங்களில் "பாடம்" என்று விழுந்திருந்தது. நிறுத்தக்குறி ஒன்றுகூட இல்லை. ஒலியை ஒருமுறை ஓடவிட்டுப் பெயர், எண், கிழமை மூன்றையும் சரிபார்த்தேன். பிறகு வினைமுடிவுகளை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றினேன். இப்படிக் கிடைத்தது:

> சார் வணக்கம், அது வந்து, அந்த மலர் விஷயம், செவ்வாய்க்கிழமை என்று சொன்னேன் இல்லையா, படம் பன்னிரண்டு வந்தது சார், அதில் நான்கு, இல்லை இல்லை, ஐந்து, ஐந்து படம் ரொம்பச் சின்னது, பூதக்கண்ணாடி வைத்தாலும் தேறாது, அச்சில் புள்ளி புள்ளியாகத்தான் வரும், பெரிய படம் வந்தால் இரண்டு நாள் போதும், வியாழன் வேண்டாம், வெள்ளி, வெள்ளி மாலை, அட்டை முடிந்தது சார், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், சரி சார், கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

வினைமுடிவு மாறுவதால் குரல் மாறிவிடாது. ஒருவருடைய குரல் அவர் தேர்ந்தெடுக்கும் சொல்லிலும், எதை முதலில் சொல்கிறார் என்பதிலும் இருக்கிறது.

அவருக்கே உரியதைக் கோடிடுங்கள்

எதையும் வெட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பின்னால் செய்தால் நல்லவை முன்பே போயிருக்கும். நான் கோடிட்டவை மூன்று: "பூதக்கண்ணாடி வைத்தாலும் தேறாது", "புள்ளி புள்ளியாகத்தான் வரும்", "கவலையே வேண்டாம்". இவற்றில் வரும் "தான்", "ஏ" இரண்டையும் விடக் கூடாது. "புள்ளி புள்ளியாக வரும்" என்றால் வெறும் தகவல். "தான்" சேரும்போதுதான் அவருடைய உறுதி தெரிகிறது.

"அது வந்து" போகலாம். "இல்லை இல்லை", "வேண்டாம்" என்று அவர் தன்னைத் திருத்திக்கொண்ட இடங்களில் பிந்தைய சொல்லே கணக்கு: ஐந்து படங்கள், வெள்ளி மாலை. "சார்" நான்கு முறை வருகிறது. பேச்சில் அது மரியாதை, எழுத்தில் அத்தனை முறை வந்தால் கெஞ்சல் போலாகிவிடும். இரண்டு போதும்.

ஓட்டைகளை நீங்களே அடைக்காதீர்கள்

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். படம் வந்தபின் இரண்டு நாள் வேண்டும் என்கிறார், வெள்ளி மாலை என்றும் சொல்கிறார். அப்படியானால் படங்கள் எப்போது வர வேண்டும்? புதன் மாலை என்று கணக்குப் போடலாம். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. நான் எழுதினால் அவர் பெயரில் நான் வாக்குக் கொடுத்ததாகிவிடும். எந்த ஐந்து படங்கள் என்பதும் பதிவில் இல்லை. இரண்டையும் அவரிடமே கேட்டேன். "புதன் மதியத்துக்குள் வேண்டும். 2, 5, 6, 9, 11" என்றார். நான் ஊகித்திருந்தால் அரை நாள் பிசகியிருக்கும்.

வரிசையை மாற்றுங்கள், வாக்கியத்தை அலங்கரிக்காதீர்கள்

பேச்சில் வேண்டுகோள் கடைசியில் வந்தது. மின்னஞ்சலைப் பாதி படித்து மூடுபவர்கள் உண்டு என்பதால் அதை மேலே கொண்டுவந்தேன். மற்றபடி அவருடைய சின்னச் சின்ன வாக்கியங்களைச் சேர்த்து நீளமாக்கவில்லை. "தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விழைகிறேன்" என்று தொடங்கியிருந்தால் அவரை அறிந்த ஆசிரியர், எழுதியது வேறு யாரோ என்று முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

> பொருள்: ஆண்டு மலர்: ஐந்து படங்கள் புதன் மதியத்துக்குள் தேவை
>
> வணக்கம் சார்,
>
> மலருக்கு வந்த பன்னிரண்டு படங்களில் ஐந்து ரொம்பச் சின்னதாக இருக்கின்றன (எண் 2, 5, 6, 9, 11). பூதக்கண்ணாடி வைத்தாலும் தேறாது. அச்சில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். இவற்றின் பெரிய கோப்புகளைப் புதன்கிழமை (15ஆம் தேதி) மதியத்துக்குள் கொஞ்சம் கேட்டு அனுப்புங்கள்.
>
> செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். படங்கள் வந்துவிட்டால் இரண்டு நாள் போதும் சார், வெள்ளிக்கிழமை (17ஆம் தேதி) மாலை மலர் உங்கள் கையில் இருக்கும்.
>
> அட்டை முடிந்தது. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

பதிவில் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அதனால் நானும் சேர்க்கவில்லை. அனுப்பும் முன் அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "மலர் உங்கள் கையில் இருக்கும்" என்ற இடத்தில் தயங்கினார். "நான் இப்படிச் சொல்ல மாட்டேனே" என்றார். உண்மைதான், அது என் சொல். "வெள்ளிக்கிழமை மாலை தந்துவிடுகிறேன்" என்று மாற்றினோம், அனுப்பினார்.