‘வேண்டாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று படித்த கதை: கையெழுத்துச் சீட்டில் செய்யக்கூடாத தவறுகள்

நாங்கள் வீட்டில் இல்லாத ஒரு சனிக்கிழமை, கீழ்வீட்டு சார் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போயிருந்தார். முதலில் வீடு திரும்பிய என் மனைவி அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். பஸ்ஸில் நின்றபடியே படித்தேன். கேஸ் சிலிண்டர் வந்ததாம், அவரே பணம் கொடுத்து வாங்கி வைத்தாராம். “தொகை அவசரமாக வேண்டும்” என்று இருந்தது. பதறிப்போய், “மன்னிக்கணும் சார், இப்பவே அனுப்பிடறேன்” என்று பதிலும் போட்டு, பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் அவர் மேலே ஏறி வந்து என் மனைவியிடம், “நான் அவசரம்னு எங்கேம்மா எழுதினேன்?” என்று கேட்டாராம். குரலில் வருத்தம் இருந்தது என்றாள். அவர் எழுதியிருந்தது ‘வேண்டாம்’.

அன்று இரவு அந்தச் சீட்டை எதிரில் வைத்துக்கொண்டு, எங்கெங்கே சறுக்கினேன் என்று பார்த்தேன்.

முதல் தவறு போட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். முகம் தெரிய அது போதும், பேனா எங்கே தூக்கப்பட்டது என்று தெரியப் போதாது. அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தது எடுத்தபடி வரும். போட்டோ எடுப்பவரிடம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். தாளின் நான்கு ஓரமும் படத்தில் இருக்க வேண்டும். இன்லண்ட் லெட்டர் எழுதிப் பழகியவர்கள் இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதுவார்கள், முக்கியமான சேதி பல நேரம் அங்கேதான் இருக்கும். பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது தவறு, புரியாத இடத்தை அர்த்தத்தை வைத்து நிரப்பியது. ‘தொகை’, ‘அவசரமாக’ என்று இரண்டு சொல் தெரிந்ததும் மூன்றாவது சொல்லை நான் படிக்கவே இல்லை. என் மனசு எழுதிக்கொண்டது. அந்த நேரமே பதிலையும் யோசிக்க ஆரம்பித்திருந்தேன். பதில் தயாரானபின் கண்ணுக்கு அதற்கு ஏற்றதுதான் தெரியும். படிப்பது ஒரு வேலை, பதில் எழுதுவது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு காபி குடிக்கும் நேரமாவது விடலாம்.

எப்படிப் படித்திருக்க வேண்டும்? முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டமாகப் படிக்காமல், சந்தேகமே இல்லாத சொற்களை முதலில் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். சந்தேகமான இடத்தில் கோடு போட்டு விட்டுவிட வேண்டும். நான் அப்படி எழுதியபோது இப்படி வந்தது:

“சிலிண்டர் வந்தது. பணம் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். ___ தொகை அவசரமாக வேண்__ம். 1_ந் தேதி புதன் ஊருக்குப் போகிறேன். சாவி ______ வீட்டில் இருக்கும். செடிகளைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளவும்.”

இப்போது ஒவ்வொரு கோடாகப் பார்க்கலாம். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ இரண்டையும் பிரிப்பது ஒரே எழுத்து. டு எழுதும்போது ட-வின் அடிக்கோட்டை நிறுத்தாமல் வலது பக்கம் மேலே ஏற்றிவிடுவோம். டா எழுதப் பேனாவைத் தூக்கிப் பக்கத்தில் கால் போட வேண்டும். வேகத்தில் எழுதினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஆகிவிடும். ஆனால் அதே சீட்டில் ‘கொடுத்து’ இருக்கிறது, ‘கட்டாயம்’ இருக்கிறது. அவருடைய டு எப்படி, டா எப்படி என்று இரண்டும் காட்டிக்கொடுக்கும். கட்டாயத்தில் ட-வுக்கும் காலுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தது. சந்தேகமான சொல்லிலும் அதே இடைவெளி. சுருங்கிய படத்தில் அதுதான் அடைபட்டுப் போயிருந்தது.

தேதியைக் கையெழுத்தை வைத்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 11-ஆ 17-ஆ என்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் 1-க்கும் தலையில் ஒரு கொடி வைப்பார். பக்கத்தில் புதன் என்று தெளிவாக இருக்கிறது. சீட்டு வந்த சனிக்கிழமை 7ஆம் தேதி. அப்படியானால் 11தான் புதன், 17 செவ்வாய். கிழமை இருக்கும் சீட்டில் தேதியைக் காலண்டரில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

‘தொகை’க்கு முன்னால் இருந்த சொல் என்னைக் கொஞ்சம் அலைக்கழித்தது. யாரோ ஒருவர் பெயர் என்றே நினைத்தேன். அது ‘ஷை’. மேற்படி என்பதற்கான ௸ குறியைப் பத்திரங்களில் அப்படிப் படிப்பார்கள், எழுதுவார்கள். சார் பத்திரம் எழுதி ஓய்வு பெற்றவர், சிலிண்டர் கணக்குக்கும் ஷைதான். ரூபாய்க்கு ௹ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதே வகையில் இன்னொன்று: தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் பள்ளியில் எழுதப் பழகிய பலர் இன்றும் பழைய வடிவத்தையே எழுதுகிறார்கள். லை-யின் முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு நிற்கும், றா-வில் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிறுக்கல் என்று ஒதுக்கினால் சொல்லே மாறிவிடும். மேலே தனியாக இருக்கும் ‘உ’ பிள்ளையார் சுழி, அதை எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புள்ளி வைக்காதவர்களும் உண்டு. ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று விட்டார்கள், இவர்களுக்கு என்ன காரணமோ!

கடைசிக் கோடு சாவி. சாவி யார் வீட்டில்? மூன்று நான்கு எழுத்து, நடுவில் மடிப்பு வேறு. இந்த இடத்தில் முயற்சியை விட்டுவிட வேண்டும். வேறு சொல்லை வாக்கியத்தை வைத்துப் பிடிக்கலாம், ஆள் பெயரை அப்படிப் பிடிக்க முடியாது. எந்தப் பெயரைப் போட்டாலும் வாக்கியம் சரியாகத்தான் இருக்கும். தெரியவில்லை என்பதற்காகக் குடும்ப குரூப்பில் படத்தைப் போட்டு “யாருக்காவது புரியுதா?” என்று கேட்பதும் சரியில்லை. அந்த மனிதர் ஊரில் இல்லாத தேதியும் சாவி இருக்கும் இடமும் அதில் இருக்கிறது.

பதிலில் செய்யும் தவறு வேறு மாதிரி. தெரியாததை மறைத்து, “சரி சார், பார்த்துக்கறேன்” என்று பொதுவாக எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் “உங்க கையெழுத்து புரியலை” என்று முழுச் சீட்டையும் திருப்பிக் கொடுப்பதுபோல எழுதுவோம். பெரியவர்களுக்கு அது உறைக்கும். நாம் என்ன புரிந்துகொண்டோம் என்பதைப் பதிலுக்குள்ளேயே சொல்லிவிட்டால், தப்பு இருந்தால் அவரே திருத்துவார். தெரியாத ஒன்றை மட்டும் நேராகக் கேட்கலாம். என் இரண்டாவது பதில் இது:

“சார், வணக்கம். ‘வேண்டாம்’ என்று எழுதியதை நான்தான் அவசரத்தில் மாற்றிப் படித்துவிட்டேன். சிலிண்டரை வாங்கி வைத்ததற்கு நன்றி. 11ஆம் தேதி புதன்கிழமை ஊருக்குப் போகிறீர்கள், அன்றிலிருந்து செடிகளுக்கு நாங்கள் தண்ணீர் விடுகிறோம். சாவி யார் வீட்டில் என்ற இடத்தில் தாள் மடிந்திருக்கிறது, பெயர் மட்டும் தெரியவில்லை. சொல்லுங்கள் சார்.”

மறுநாள் காலை கதவிடுக்கில் இன்னொரு சீட்டு. பெயரை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பெரிதாக எழுதியிருந்தார். அடுத்த வரியில், “ஷை வீட்டில் நாய் உண்டு. கூப்பிட்டுவிட்டு உள்ளே போகவும்.”