கடை டிவில ஒரு ரவுண்டோட நிண்டுபோன விலை வீடியோ

சுன்னாகத்தில எங்கட கடை டிவில பனங்கட்டி, ஒடியல்மா விலை வீடியோவை ஓடவிட பென் டிரைவ் குத்தினன், ஒரு ரவுண்ட் ஓடி, பைல் சப்போர்ட் இல்லையெண்டு கறுப்பா நிண்டுது. Repeat All போட்டன், டிரைவ் மாத்தினன், FAT32ல போர்மட் அடிச்சு திரும்ப கொப்பி பண்ணினன், மூண்டு நாள் போனதுதான் மிச்சம். பிறகுதான் கவனிச்சன், நான் போட்டது ஒரு வீடியோ, டிவி லிஸ்ட்டில ரெண்டு கிடக்கு, மற்றது `._vilai.mp4`, வெறும் 4 கேபி! மருமோன்ட மேக்கில கொப்பி பண்ணேக்க அது தானா எழுதிற துணைப் பைல், உள்ள வீடியோவே இல்லை, பேரைப் பாத்து டிவி ஏமாந்து போகுது. விண்டோஸ் லப்டொப்பில Hidden items டிக் போட்டு அதை அழிச்சன். நேற்று காலமை 8 மணிக்குப் போட்டது கடை பூட்டுமட்டும் ஓடிச்சு. மேக்கில கொப்பி பண்ணினா திரும்ப வரும், அதால இப்ப விலை மாத்திறது லப்டொப்பில மட்டும்தான்.